திங்கட்கிழமைக்கு முன் போக வேண்டிய மின்னஞ்சல்

நெடுஞ்சாலையில் விபத்து நடந்து வாகனங்கள் நகராமல் நிற்கும்போது, வானொலியில் இரண்டு விதமாகச் சொல்லலாம். "நெரிசல் விரைவில் சீராகும், பொறுமை காக்கவும்" என்பது ஒன்று. "இன்னும் இழுவை வண்டி வரவில்லை, எட்டே காலுக்கு மறுபடி சொல்கிறேன்" என்பது இன்னொன்று. முதலாவதைக் கேட்டவர் ஹாரன் அடிப்பார், அலைவரிசையை மாற்றுவார். இரண்டாவதைக் கேட்டவர் எட்டே கால் வரை நம்மோடு இருப்பார். இத்தனைக்கும் இரண்டு செய்தியிலும் சாலை ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

அலுவலக மின்னஞ்சல்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. குறிப்பாக, டவுன் ஹால் முடிந்த மறுநாள் வரும் மின்னஞ்சலில். டவுன் ஹால் என்றால் உங்களுக்குத் தெரியாததா? எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, கோலாலம்பூரிலிருந்து பெரியவர் ஒருவர் திரையில் தோன்றி, இருபது ஸ்லைடு காட்டி, கடைசியில் "ஏதாவது கேள்வி?" என்று கேட்பாரே, அதுதான். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கார் நிறுத்துமிடத்தைப் பற்றிக் கேட்பார்கள். உண்மையான கேள்விகள் அதற்குப் பிறகு பேன்ட்ரியில், மாமாக் கடையில், வாட்ஸ்அப்பில் பிறக்கும். அவற்றுக்குப் பதில் எழுதும் வேலை பெரியவருக்கு அல்ல, நடுவில் இருக்கும் மேலாளருக்கு.

அப்படி எழுத வேண்டி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பள்ளித் தோழனின் அக்கா, எனக்கும் அக்காதான். பினாங்கு, பிறையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் விலைப்பட்டியல், கணக்குப் பிரிவுக்கு மேலாளர். அவருக்குக் கீழே முப்பத்தெட்டுப் பேர். "பெயர் போடாதே, கம்பெனி பெயரும் போடாதே, மற்றதை எழுதிக்கோ" என்று அனுமதி தந்திருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர்களுக்கு டவுன் ஹால். கிடங்கு பிறையிலேயே இருக்கும், ஆனால் கணக்குப் பிரிவை மூன்று மாதங்களில் ஷா ஆலம் தலைமையகத்தோடு சேர்க்கிறோம் என்பதுதான் செய்தி. சில பணியிடங்கள் அங்கே மாறும், சில "மறுபரிசீலனைக்கு உட்படும்". நாற்பது நிமிடம் அறிவிப்பு, இருபது நிமிடம் கேள்வி நேரம். மைக்கைப் பிடித்துக் கேட்டவர்கள் மூன்றே பேர். அக்கா அதை எதிர்பார்த்திருந்தார் போலும். வாசலில் ஒரு அட்டைப் பெட்டியும் துண்டுச் சீட்டும் வைத்திருந்தார். பெயர் எழுதத் தேவையில்லை. மாலைக்குள் முப்பத்தொரு சீட்டு.

அன்றிரவு எனக்குப் போன். "தம்பி, நீ நாள் முழுக்கப் பேசுற ஆளு. ஒரு மெயில் எழுதியிருக்கேன், வாசிச்சுக் காட்டறேன், காதுல எப்படி விழுதுன்னு சொல்லு."

வாசித்தார். அஞ்சல் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன். "நேற்றைய கூட்டத்தில் உற்சாகத்துடன் கலந்துகொண்ட அனைவருக்கும் நன்றி. மாற்றம் என்பது எப்போதும் சவாலானது. உங்கள் கவலைகளை நிர்வாகம் முழுமையாகப் புரிந்துகொள்கிறது. மேல்விவரங்கள் உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும். நீண்ட காலம் பணியாற்றியவர்கள் கவலைப்படத் தேவையில்லை. பாதிக்கப்படும் அனைவருக்கும் சட்டப்படியான இழப்பீடு வழங்கப்படும்."

"அக்கா, அந்த முப்பத்தொரு சீட்டுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

சாப்பாட்டு மேசையில் பரப்பி அடுக்கினார். பதினான்கு சீட்டில் "எனக்கு வேலை இருக்குமா, இருக்காதா?" ஏழில் "போகச் சொன்னால் எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும்?" ஐந்தில் "ஷா ஆலம் வர முடியாது என்றால் என்ன ஆகும்?" இரண்டில் மருத்துவ அட்டை, கார் நிறுத்துமிடம். மீதி மூன்று சீட்டில், மூன்று வேறு கையெழுத்தில், ஏறக்குறைய ஒரே கேள்வி: "அவர்கள் அனுப்புவதற்கு முன் நானே ராஜினாமா கொடுத்துவிட்டால் நல்லதா?"

சீட்டுகளின் எண்ணிக்கைப்படி வேலை இருக்குமா என்பதுதான் முதலில் வர வேண்டும். கடைசிக் கேள்விக்கு மூன்றே ஓட்டு. ஆனால் மற்றக் கேள்விக்காரர்கள் பதில் தாமதமானால் கவலைப்படுவார்கள், அவ்வளவுதான். இந்த மூன்று பேரும் சனி, ஞாயிறு வீட்டில் யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை கடிதத்தோடு வந்துவிடுவார்கள். கொடுத்த ராஜினாமாவைத் திரும்ப வாங்குவது முதலாளி மனம் வைத்தால்தான் நடக்கும். அதனால் அக்கா அந்த மூன்று சீட்டை எடுத்து மேலே வைத்தார். அஞ்சல் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போயாக வேண்டும் என்பதும் அப்போதே முடிவானது.

இதில் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் ஆட்குறைப்பில் வேலை போனவருக்கு 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் இழப்பீடு உண்டு. சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், மாத உதவித் தொகையும் உண்டு. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை, பிறகு குறைந்துகொண்டே போகும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக விலகியவருக்கு இந்த இரண்டுமே கிடையாது. நிறுவனமே அறிவித்து நடத்தும் விருப்பப் பணிவிலகல் திட்டத்தில் போனால் சொக்சோ அதை வேலை இழப்பாகவே எடுத்துக்கொள்ளும். அது வேறு, நாமே ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

அக்கா எழுதிய முதல் பத்தி இப்படி ஆனது: "இப்போதே ராஜினாமா செய்யலாமா என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வேறு நல்ல வேலை கிடைத்திருந்தால் அது உங்கள் முடிவு. ஆனால் பயத்தினால் ராஜினாமா செய்ய வேண்டாம். தானாக விலகுபவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடும் சொக்சோ உதவித் தொகையும் கிடைக்காது. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திடும்படி யாராவது உங்களிடம் சொன்னால், கையெழுத்திடுவதற்கு முன் என்னிடம் வாருங்கள்."

கடைசி வாக்கியத்தை மனிதவளப் பிரிவு விரும்பாது என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் தோன்றியது. இருக்கட்டும் என்றார்.

அடுத்தது அந்தப் பதினான்கு சீட்டு. இங்கேதான் முதல் வரைவில் ஆபத்தான வாக்கியம் இருந்தது: "நீண்ட காலம் பணியாற்றியவர்கள் கவலைப்படத் தேவையில்லை." ஆறுதலுக்காக எழுதியது, மனசு நல்ல மனசுதான். கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்புவது நம் நாட்டில் பொதுவாக எதிர்பார்க்கப்படும் முறை என்பதும் உண்மை. ஆனால் தகுந்த காரணம் காட்டி நிறுவனம் அதிலிருந்து விலகவும் முடியும். தேர்வு முறையே முடிவாகாத நேரத்தில் மேலாளர் எழுத்தில் இப்படிச் சொல்லிவிட்டால், பதினெட்டு வருடம் வேலை செய்த ஒருவர் அதை நம்பி ஷா ஆலம் இடத்துக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடலாம். பிறகு பட்டியலில் அவர் பெயர் வந்தால், அந்த அஞ்சல் தொழில் நீதிமன்றத்தில் அவருடைய வழக்கறிஞர் கையில் இருக்கும். வாக்கியம் போனது.

அதைவிடச் சங்கடமான ஒன்றும் இருந்தது. ஷா ஆலத்துக்குப் பன்னிரண்டு இடங்கள் மாறும் என்று அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். தலைமையகம் சொல்லியிருந்தது, வெளியே சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. வரைவில் "எத்தனை இடங்கள் என்பது இன்னும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

தெரியவில்லை என்பதும் சொல்ல முடியாது என்பதும் ஒன்றல்ல. இரண்டு வாரம் கழித்துப் பட்டியல் வரும்போது, தேதி போட்ட ஏதாவது ஒரு தாளில் அக்காவுக்கு முன்பே தெரியும் என்பது வெளியாகிவிடும். அலுவலகங்களில் இப்படிப்பட்ட தாள்கள் பிரிண்டர் தட்டில்தான் கிடக்கும். அன்றிலிருந்து அவர் சொன்ன மற்ற எல்லாப் பதிலும், ராஜினாமா பற்றிச் சொன்னது உட்பட, சந்தேகத்துக்கு ஆளாகும். தலைமையகத்தின் கட்டளையை மீறவும் அவரால் முடியாது. யோசித்து யோசித்து அக்கா எழுதியது இது: "எல்லா இடங்களும் ஷா ஆலத்துக்கு மாறாது. ஆகவே சிலருக்கு வேலை போகும். எத்தனை இடங்கள் என்ற எண்ணிக்கையை இன்று என்னால் சொல்ல இயலாது. யார் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை, எனக்கும் தெரியாது. எண்ணிக்கை, தேர்வு முறை இரண்டையும் இம்மாதம் 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் எழுதுகிறேன். அன்று முடிவாகாமல் இருந்தால், முடிவாகவில்லை என்று எழுதுகிறேன்."

"சிலருக்கு வேலை போகும்" என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. "பாதிப்பு ஏற்படலாம்" என்று இரண்டு முறை மாற்றினார். வாசித்துப் பாருங்கள் அக்கா என்றேன். வாய்விட்டு வாசித்ததும் அவரே பழையபடி மாற்றிவிட்டார். டவுன் ஹாலில் அந்த மூன்று சொல்லைத்தான் யாரும் சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

தேதிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தலைமையகம் அவரிடம் சொன்ன நாள் 26. அவர் 28 என்று எழுதினார். ஆட்குறைப்புக்குக் குறைந்தது முப்பது நாளுக்கு முன் நிறுவனம் தொழிலாளர் இலாகாவுக்கு பி.கே. படிவம் அனுப்பியாக வேண்டும். ஆகவே தலைமையகத்தாலும் இழுத்துக்கொண்டே போக முடியாது என்று அவருக்குத் தெரியும்.

இனி பணம். ஏழு சீட்டுதான், ஆனால் அதிக நேரம் பிடித்த பகுதி இது. முதல் வரைவில் இருந்த "அனைவருக்கும் சட்டப்படியான இழப்பீடு" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில் அது தவறு. 2023 முதல் வேலைச் சட்டம் சம்பள வரம்பில்லாமல் எல்லாருக்கும் பொருந்தும் என்பதால் பலர் இழப்பீடும் எல்லாருக்கும் உண்டு என்று நினைக்கிறார்கள். ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்குச் சில பிரிவுகள் பொருந்தாது. ஆட்குறைப்பு இழப்பீடு அவற்றில் ஒன்று. அவர்களுக்கு வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, நிறுவனம் என்ன தர முன்வருகிறதோ அதுதான். அக்காவின் பிரிவில் அப்படி ஆறு பேர். பெரும்பாலும் மூத்தவர்கள், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்லூரிச் செலவும் உள்ளவர்கள். "அனைவருக்கும்" என்ற ஒரு சொல்லை நம்பி அவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள்.

4,000 வரை வாங்குபவர்களுக்கு விதி தெளிவு. ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவு என்றால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். முழுமையடையாத ஆண்டுக்கு மாதக் கணக்கில் பங்கு. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இவ்வளவையும் எழுதினாலும் சண்டை வரும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் சம்பளம் என்றால் எவ்வளவு?

3,200 ரிங்கிட் சம்பளம், ஏழு வருடம் நான்கு மாதம் வேலை என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுப்போம். ஓவர்டைம் கணக்கு அப்படித்தானே நமக்குப் பழக்கம். அப்படி வகுத்தால் நாளுக்கு 123 ரிங்கிட் சொச்சம், இழப்பீடு 18,000-க்கு மேல் வரும். ஆனால் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குக் கணக்கு வேறு. கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கூட்டி 365-ஆல் வகுக்க வேண்டும். 38,400-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 105 ரிங்கிட் 20 சென். ஏழே கால் வருடத்துக்குச் சற்று மேல் என்பதால் சுமார் 147 நாள். ஆக 15,430 ரிங்கிட் அளவில். இரண்டு கணக்குக்கும் இடையே 2,600 ரிங்கிட் வித்தியாசம். வீட்டில் மனைவியிடம் பதினெட்டாயிரம் என்று சொல்லிவிட்டு வந்தவர், கையில் பதினைந்தைப் பார்த்தால் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைப்பார். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் கணக்கைச் சொல்லவில்லை.

அக்கா கணக்கைச் சொன்னார். மேற்படி உதாரணத்தை அப்படியே அஞ்சலில் வைத்தார். வைக்கும்போது இன்னொன்றையும் கவனித்தோம். இந்த அஞ்சல் அஞ்சலாக இருக்கப் போவதில்லை. பத்து நிமிடத்தில் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். எடுப்பவர் கண்ணுக்கு 15,430 என்ற எண்தான் தெரியும், அதற்கு நான்கு வரி கீழே இருக்கும் "4,000-க்கு மேல் சம்பளம் உள்ளவருக்குப் பொருந்தாது" என்ற வரி படத்தில் வெட்டுப்பட்டுப் போகும். ஆகவே நிபந்தனை முதலில், எண் பிறகு: "மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுபவர்களுக்கு மட்டும் பின்வரும் கணக்கு." ஒவ்வொரு பதிலும் தனியாக வெட்டி எடுத்தாலும் தப்பான அர்த்தம் தராதபடி அமைய வேண்டும். அந்த ஆறு பேருக்குத் தனிப் பத்தி: "4,000-க்கு மேல் பெறுபவர்களுக்குச் சட்டம் இந்த இழப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. அதே கணக்கை உங்களுக்கும் தர வேண்டும் என்று நான் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. 28-ஆம் தேதி அஞ்சலில் இதற்கும் பதில் இருக்கும்."

எழுத்தில் கேட்டிருக்கிறேன் என்று போட்டபோது மணி பதினொன்றே கால். பிறகுதான் உட்கார்ந்து உண்மையிலேயே கேட்டு எழுதினாராம்.

"எப்போது" என்பதற்கும் ஒரு வரி வேண்டியிருந்தது. சிலருக்கு அடுத்த வாரமே கேட்டில் அட்டையை வாங்கிவிடுவார்களோ என்று பயம். ஆட்குறைப்பு என்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் குறைந்தபட்ச நோட்டீஸ் உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் நான்கு வாரம், ஐந்து ஆண்டு வரை ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். இது சம்பள வரம்பில்லாமல் எல்லாருக்கும் பொருந்தும். ஆனால் "எட்டு வாரத்துக்கு முன் யாரும் போக மாட்டீர்கள்" என்று எழுதினால் மறுபடி பொய்யாகிவிடும், ஏனென்றால் நோட்டீஸுக்குப் பதிலாக அந்தக் காலத்துச் சம்பளத்தைக் கொடுத்து உடனே அனுப்பவும் முடியும். "அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்ற நான்கு சொல் சேர்ந்தது.

ஷா ஆலம் வர முடியாதவர்கள் விஷயத்தில் அக்கா மிகக் குறைவாக எழுதினார், அது சரி என்றே எனக்குப் படுகிறது. பிறையிலிருந்து ஷா ஆலம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகளின் பள்ளி, வயதான அம்மா அப்பா, இவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் மறுப்பது மனிதருக்குப் புரியும். சட்டத்தில் அது அவ்வளவு நேர்க்கோடு அல்ல. இப்போதுள்ளதற்குக் குறையாத நிபந்தனைகளோடு வேலை தரப்பட்டு, அதை நியாயமில்லாமல் மறுத்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். எது நியாயம், எது நியாயமில்லை என்பது ஒப்பந்தத்தில் இடமாற்ற விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, குடும்பச் சூழல் என்ன, இடமாற்றச் செலவை யார் தருகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும். அதை முப்பத்தெட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு வரியில் சொல்ல முடியாது. "வாய்மொழியாக வர மாட்டேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். எழுத்தில் வரும் வாய்ப்பைப் பார்த்த பிறகு எழுத்தில் பதில் சொல்லுங்கள். ஒவ்வொருவர் ஒப்பந்தத்தையும் மனிதவளப் பிரிவு பார்த்து, தனித்தனியாக எழுத்தில் விளக்கம் தரும்" என்று மட்டும் எழுதி, பெயர், அறை எண், நேரம் போட்டார்.

மருத்துவ அட்டைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் சேர்த்து ஒரே வரி. கடைசி வேலை நாள் வரை மாற்றமில்லை.

காலை எட்டு மணிக்கு மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினார். பத்தரைக்குத் திரும்பி வந்தது, சிவப்பு நிறத்தில். சில திருத்தங்கள் நல்ல திருத்தங்கள். ஓரிடத்தில் ஆண்டுக் கணக்கைச் சரிசெய்திருந்தார்கள். சில இடங்களில் பனிமூட்டம். "வேலை போகும்" என்பது "பணியிடங்கள் சீரமைக்கப்படலாம்" என்றாகியிருந்தது. "கையெழுத்திடுவதற்கு முன் என்னிடம் வாருங்கள்" காணாமல் போயிருந்தது. அக்கா போனை எடுத்து, "தகவல் தப்பா இருந்தா மாத்துங்க, ஒத்துக்கிறேன். தகவல் சரியா இருந்து வார்த்தை பிடிக்கலைன்னா, என் பேர்ல போற மெயில், என் வார்த்தையே இருக்கட்டும்" என்றிருக்கிறார். அரை மணி நேரப் பேச்சு. "என்னிடம் வாருங்கள்" என்பது "என்னிடம் அல்லது மனிதவளப் பிரிவிடம் வாருங்கள்" ஆனது. மற்றது அப்படியே நின்றது. 12:10-க்கு அனுப்பினார். தலைப்பில் "டவுன் ஹால் தொடர்பாக" என்று இருந்ததை எடுத்துவிட்டு, "உங்கள் 31 கேள்விகள்: இன்று தெரிந்தவை, 28-ஆம் தேதி தெரியப்போகிறவை" என்று போட்டார்.

முப்பத்திரண்டாவது கேள்வி பதிலஞ்சலில் வந்தது. இளம் கணக்காளர் ஒருவர் கேட்டது: "மேடம், உங்கள் வேலை?" எல்லாருக்கும் போகும்படி ஒரே வரியில் பதில்: "என் இடமும் பட்டியல் முடிவாகும் வரை உங்கள் இடம் போலத்தான். 28-ஆம் தேதி எனக்கும் 28-ஆம் தேதிதான்."

28-ஆம் தேதி மாலை நான்கு மணி வரை தலைமையகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. நான்கு நாற்பதுக்கு அக்கா மூன்று வரி அனுப்பினார்: எண்ணிக்கையும் முறையும் இன்னும் வந்து சேரவில்லை. இயக்குநரிடம் பேசிவிட்டேன், செவ்வாய்க்கிழமை நண்பகல் என்கிறார். செவ்வாய் பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் வராவிட்டாலும் எழுதுகிறேன். அந்த வார இறுதியில் யாரும் அவருக்குப் போன் செய்யவில்லையாம். முந்தைய வாரம் சனிக்கிழமை மட்டும் பதினோரு அழைப்பு.

செவ்வாய் பத்தே முக்காலுக்கு வந்துவிட்டது. ஷா ஆலத்துக்குப் பன்னிரண்டு இடம், கிடங்குக் கவுண்டரில் பிறையிலேயே ஐந்து. 4,000-க்கு மேல் வாங்கும் அந்த ஆறு பேருக்கும் அதே இழப்பீட்டுக் கணக்கு, ஆனால் ஒரு உச்சவரம்போடு. ராஜினாமா கடிதம் அதுவரை ஒன்றே ஒன்று வந்திருந்தது. அவருக்கு பட்டர்வெர்த்தில் வேறு வேலை கிடைத்திருந்தது.

பன்னிரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தவர்கள் ஒன்பது பேர். அக்கா விண்ணப்பிக்கவில்லை. மகள் அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறாள். எட்டு வார நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. சொக்சோவுக்கு விண்ணப்பிக்க என்னென்ன தாள் வேண்டும் என்று மீதிப் பேருக்கு இந்த வாரம் இன்னொரு அஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறார்.